“உங்கள் பெரிய குறை என்ன?”: நேர்காணலுக்குப் போகும் எல்லையோரப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நேர்காணல் மேசையில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தவன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் நேர்காணல் பழக என்னிடம் வருகிறார்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஓரளவு சமாளிப்பவர்கள் இந்த ஒரு கேள்வியில் மட்டும் விழுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

யாராவது தன் குறையைத் தானே சொல்வார்களா? இதை ஏன்தான் கேட்கிறார்கள்?

குறையைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவர்கள் குறைவு. மனிதருக்குக் குறை இருக்கும் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியும். அவர் பார்ப்பது மூன்று விஷயங்களை. இவர் தன்னைத் தானே கவனித்திருக்கிறாரா? வேலையில் தவறு நேர்ந்தால் சொல்வாரா, மறைப்பாரா? சொன்ன குறைக்கு ஏதாவது செய்திருக்கிறாரா?

இரண்டாவதுதான் எனக்கு எப்போதும் முக்கியமாக இருந்தது. தவறு செய்பவரை வைத்துக்கொண்டு தொழிற்சாலை நடத்தலாம், தவறை மறைப்பவரை வைத்துக்கொண்டு நடத்த முடியாது. சரக்கு தவறாக ஏற்றப்பட்டது என்று வண்டி வாளையார் தாண்டும் முன்பே தெரிந்தால் திருப்பி அழைத்துவிடலாம். அதைச் சொல்லக்கூடியவர் யார் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த ஒரே கருவி இந்தக் கேள்வி. மோசமான கருவிதான், ஒப்புக்கொள்கிறேன்.

“எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் குறை” என்று சொல்லச் சொல்கிறார்களே?

நானும் சொல்லியிருக்கிறேன். என் முதல் நேர்காணலில், கடன் வாங்கிய சட்டையோடு, “வேலை என்று வந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது” என்றேன். எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “இன்று காலையிலிருந்து நீங்கள் ஐந்தாவது ஆள்” என்றார். அந்த வேலை கிடைக்கவில்லை.

பெருமையைக் குறைபோல வேடமிட்டுச் சொல்வது இது. கேட்பவருக்கு அதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. மற்றொன்று, அவரை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தீர்கள். இரண்டாவது செய்தி கொஞ்சம் சுடும்.

இதில் சங்கடம் என்னவென்றால், கச்சிதம் பார்ப்பது சிலருக்கு உண்மையிலேயே குறைதான். ஒரே அறிக்கையை ஏழு முறை திருத்தி நாளைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தவறவிட்ட அந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். எது தாமதமானது, யார் காத்திருந்தார்கள் என்று சொன்னால் நம்புவார்கள்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடாதா? எதைச் சொல்வது, எதை விடுவது?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

பி.காம் முடித்தவர். ஊரில் பால் சொசைட்டி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். உண்மையான குறைகளை யாருக்கும் காட்டாத ஒரு தாளில் எழுதச் சொன்னேன். நான்கு எழுதினார். மலையாளம் பேசுவேன், படிக்க மெதுவாகத்தான் வரும். பில்களை அன்றன்றே அடுக்கிவைக்காமல் தள்ளிப்போடுவேன். கணக்கு பொருந்தாவிட்டால் யாரையும் கேட்காமல் தனியாகவே உட்கார்ந்து மல்லுக்கட்டுவேன். நாலு பேர் கூடினால் என் குரல் எனக்கே கேட்காது.

அடுத்து, வேலை அறிவிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, சப்ளையர் பில் மூன்றையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, டேலியில் பதிவது, ஜிஎஸ்டி கணக்குக்கு உதவுவது. இந்த வேலையின் கழுத்து எது? காகிதம் ஒழுங்காக இருப்பது, எண் சரியாக இருப்பது, தேதி தவறாமல் இருப்பது. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி போயாக வேண்டும். பில் அடுக்கத் தள்ளிப்போடுவது நேராக அந்தக் கழுத்தில் விழும் வெட்டு. அதனால் அதை விட்டோம்.

விட்டோம் என்றால் ஒளித்தோம் என்று பொருள் இல்லை. கேட்பவர் ஒரு குறையைத்தான் கேட்கிறார், இருப்பதில் எதைச் சொல்வது என்பது நம் உரிமை. “பில்களை அன்றன்றே அடுக்குவீர்களா?” என்று நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் குறைக்கு உரிய இடம் நேர்காணல் மேசை அன்று, வீட்டு மேசை. வேலையில் சேரும் முன்பே சரிசெய்துகொள்ள வேண்டியது அது. வேலையின் கழுத்தில் விழும் குறை ஒன்றல்ல, நான்குமே என்றால் பதிலை மாற்றிப் பயனில்லை, வேலையைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் குரல் எழும்பாதது பாதுகாப்பான பதில். ஆனால் மூலையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்குக் குரல் எழும்பாவிட்டால் என்ன நட்டம்? யாருக்கும் நட்டம் இல்லாத குறையைச் சொன்னால், வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தது என்று தெரிந்துவிடும். மலையாளத்தைப் பற்றித் தனியாகப் பேசுவோம். மிஞ்சியது மூன்றாவது, யாரையும் கேட்காமல் தனியாக மல்லுக்கட்டுவது. அதற்கு விலை உண்டு, வேலையோடு தொடர்பும் உண்டு. ஆனால் அதனால் அந்த வேலையைச் செய்ய முடியாமல் போகாது. அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

சரி, அந்தப் பெண் என்னதான் சொன்னார்?

ஏறக்குறைய இப்படிச் சொன்னார்:

“கணக்கு பொருந்தாவிட்டால் யாரையும் கேட்கத் தோன்றாது எனக்கு. சொசைட்டியில் ஒரு முறை பால் பட்டுவாடாப் பட்டியலில் 360 ரூபாய் வித்தியாசம் வந்தது. மூன்று நாள் மாலை தனியாக உட்கார்ந்து தேடினேன். சனிக்கிழமை கிடைக்க வேண்டிய பணம் உறுப்பினர்களுக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது. கடைசியில் செயலாளர் பார்த்துவிட்டு, ‘360 ஒன்பதால் வகுபடுகிறதே, எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கும்’ என்றார். பத்து நிமிடத்தில் கிடைத்தது. 1,590 என்பதை 1,950 என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் என்று எனக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். அதற்குள் கிடைக்காவிட்டால், எதையெல்லாம் பார்த்தேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டுவிடுவேன். இப்போதும் சில நாள் அரை மணி ஒரு மணி ஆகிவிடுகிறது. ஆனால் மூன்று நாள் ஆவதில்லை.”

சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். இந்த ஒரு நிமிடத்தில் குறை முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. “அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, ஆனாலும்…” என்ற முகவுரை கிடையாது. யாருக்கு என்ன நட்டம் என்பது சொல்லப்படுகிறது. மாற்றம் என்பது நல்லெண்ணமாக நிற்காமல், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக, துண்டுச் சீட்டாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது “சில நாள் ஒரு மணி ஆகிவிடுகிறது” என்பதுதான். அதை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார், வேண்டாம் என்றேன். குறை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று முடியும் பதில் சோப்பு விளம்பரம்போல் இருக்கும். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று சொல்பவர் பேச்சில்தான் மற்றதும் உண்மையாகத் தோன்றும்.

நன்றாகத் தயாரித்துப் போனால் மனப்பாடம் செய்ததுபோல் இருக்கிறது. தயாரிக்காமல் போனால் உளறுகிறேன். என்னதான் செய்வது?

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டமும் ஒரு தனி வசதியும் உண்டு.

கஷ்டம் இது. பதிலை ஆங்கிலத்தில் பத்தியாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். கஞ்சிக்கோட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஆங்கிலத்தில் தொடங்குவார், இன்னொருவர் திடீரென்று “நிங்ஙளுடெ ஒரு போராய்ம பறயாமோ?” என்று மலையாளத்தில் கேட்பார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தால் அவர் தமிழில் குறுக்கே புகுவார். மொழி மாறியதும் மனப்பாடப் பத்தி அப்படியே உதிர்ந்துவிடும். பையன் மலையாளக் கேள்விக்கு ஆங்கிலப் பத்தியை ஒப்பிப்பான், அல்லது கூரையைப் பார்ப்பான். கூரையைப் பார்த்த கண்கள் எனக்கு நிறையப் பழக்கம்.

வசதியும் அதிலேயே இருக்கிறது. மூன்று மொழி தெரிந்தவர்கள், பதிலை மூன்றிலும் சொல்லிப் பாருங்கள். எந்த மொழியிலும் எழுதிவைக்காதீர்கள். தாளில் நான்கு துண்டுகள் மட்டும் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் தாளில் இருந்தவை: 360 ரூபாய், திங்கட்கிழமை, ஒன்பது, துண்டுச் சீட்டு. அவ்வளவுதான். இதை வைத்து அம்மாவிடம் தமிழில் சொல்லச் சொன்னேன், கல்லூரித் தோழியிடம் மலையாளத்தில், என்னிடம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் வேறாக வந்தன. ஒரு முறை செயலாளர் முதலில் வந்தார், இன்னொரு முறை காத்திருந்த உறுப்பினர்கள் முதலில் வந்தார்கள். எண்ணும் நாளும் மாறவில்லை, அவை நடந்தவை.

இரண்டு முறை சொல்லும்போது சொற்கள் அச்சுப்போல ஒன்றாக வந்தால் மனப்பாடம் ஆகிவிட்டது என்று பொருள். அப்போது நிறுத்திவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். நேர்காணலில் கேள்வி வந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பிறகு தொடங்குவதும் தவறில்லை. ஆனால் தயாராக இருப்பவர் யோசிப்பதுபோல் நடிக்க வேண்டாம். நடிப்பு வராதவர்கள் நாம், பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும்.

சொல்லி முடித்த பிறகும் விடாமல் தோண்டித் தோண்டிக் கேட்டால்?

நல்ல அறிகுறி. உங்கள் பதிலை ஒருவர் உண்மையென்று எடுத்துக்கொண்டதால்தான் தோண்டுகிறார். ஒப்புக்குச் சொன்ன பதிலுக்கு அடுத்த கேள்வி வராது, அடுத்த தலைப்புத்தான் வரும்.

பெரும்பாலும் மூன்று விதமாக வரும். கடைசியாக இது எப்போது நடந்தது? அப்போது உங்கள் மேலாளர் என்ன சொன்னார்? எங்களிடம் இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பெண்ணுக்கு வந்தது மூன்றாவது. “20ஆம் தேதி மாலை ஐந்து மணி, கணக்கு பொருந்தவில்லை. தனியாக உட்கார்ந்திருப்பீர்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். “அன்றைக்கு அரை மணிகூட எடுக்கமாட்டேன். உடனே சொல்லிவிட்டு, சொன்ன பிறகு தேடுவேன்” என்று சொல்லியிருக்கிறார். இது நாங்கள் தயாரித்ததில் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்ததால் அதிலிருந்தே கிடைத்திருக்கிறது. இட்டுக்கட்டிய கதையாக இருந்தால் இந்த இடத்தில் இன்னொரு கதை இட்டுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்.

பதில் தெரியாத இடத்தில் “அப்படி யோசித்ததில்லை” என்று சொல்லலாம். ஒரு முறைதான்.

தமிழ் வழியில் படித்தேன். மலையாளம் பேசுவேன், எழுதப் படிக்கத் தடுமாற்றம். இதைக் குறையாகச் சொல்லலாமா?

சித்தூர்த் தாலுகாவில் பாதிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. முதலில், இது குறை என்பதைவிட இடைவெளி. கற்றுக்கொண்டால் அடையும். பழக்கத்தில் உள்ள குறையைக் கேட்பவருக்கு இடைவெளியைச் சொன்னால் சிலர் தப்பித்துக்கொண்டதாக நினைப்பார்கள்.

வேலையைப் பொறுத்தும் இருக்கிறது. ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணம் எல்லாம் ஆங்கிலம், அங்கே இதைச் சொன்னால் “அதனால் எங்களுக்கென்ன?” என்பார்கள். தொழிலாளர்களுக்கு மலையாளத்தில் சுற்றறிக்கை எழுதும் வேலை என்றால் இது கழுத்து. அங்கே இதைக் குறை கேட்கும் கேள்விவரை காத்திருந்து சொல்லவே கூடாது. விண்ணப்பத்தில் மொழிகள் என்ற இடத்திலேயே “மலையாளம்: பேச்சு சரளம், வாசிப்பு மெதுவாக” என்று எழுதிவிடுங்கள். சேர்ந்த மறுநாள் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால் தெரிந்துவிடப்போகும் ஒன்றை மறைத்து என்ன பயன்?

நடுவில் இருக்கும் வேலைகளுக்குத்தான் இது நல்ல பதில். கிடங்கு, அனுப்புகை, கொள்முதல் போன்றவை. அப்போதும் அளவு சொல்லுங்கள். “மலையாளம் கற்று வருகிறேன்” என்பதில் எதுவும் இல்லை. “தினமும் மலையாளப் பத்திரிகையில் ஒரு செய்தி படிக்கிறேன். அச்செழுத்து வந்துவிட்டது, கையெழுத்துதான் இன்னும் திணறுகிறது” என்றால் உங்களை எந்த வேலைக்கு இப்போதே விடலாம், எதற்கு விடக் கூடாது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

இதுவரை வேலைக்கே போனதில்லை. எந்தச் சம்பவத்தைச் சொல்வது?

கல்லூரி புராஜெக்ட், கோயில் திருவிழாக் கணக்கு, அப்பாவின் கடை, எது வேண்டுமானாலும் ஆகும். யாரோ ஒருவர் உங்களை நம்பி ஒரு வேலை கொடுத்து, அது உங்களால் கொஞ்சம் கெட்டிருக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் குறைந்ததைச் சொல்லாதீர்கள். அதில் உங்களைத் தவிர யாருக்கும் நட்டம் இல்லை, அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். உடம்பிலும் ஒரு தொந்தரவு உண்டு. இவற்றைச் சொல்லலாமா?

இரண்டும் வேறு வேறு. உடல்நலம், குடும்பச் சூழல், கடன் எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது, கேட்டது வேலை செய்யும் விதத்தைப் பற்றி. வேலைக்கு வசதி ஏதாவது தேவை என்றால் அதைத் தனியாக, அதற்குரிய நேரத்தில் கேளுங்கள்.

கோபத்தைச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. மற்ற குறைகளுக்கு நட்டம் பணமாகவோ நேரமாகவோ போகும். கோபத்துக்கு நட்டம் இன்னொரு ஆளின் மேல் விழும். அதைக் கேட்டதும் மேலாளருக்குத் தன் பிரிவில் இருக்கும் இரண்டு சண்டைக்காரர்கள் நினைவுக்கு வந்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

மூன்று குறை சொல் என்றார்கள். ஒன்றுதான் தயாராக இருந்தது.

ஒன்றை முழுதாகச் சொல்லுங்கள், இரண்டாவதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு அவர்களே பெரும்பாலும் போதும் என்பார்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் குரல் எழும்பாத குறைபோல விலை குறைந்த ஒன்றுக்கு இது நல்ல இடம்.

இவ்வளவு தயாராகிப் போனேன், குறையைப் பற்றிக் கேட்கவே இல்லையே?

கேட்டிருப்பார்கள், வேறு சட்டை போட்டு வந்திருக்கும். “உங்கள் பழைய மேலாளரிடம் கேட்டால் எதை மாற்றிக்கொள்ளச் சொல்வார்?” என்பது இதே கேள்விதான். சம்பவம் அதேதான், ஆனால் அவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் என்றால், “மூன்று நாள் முன்பே என்னிடம் வந்திருக்கலாமே என்பார்” என்று தொடங்கலாம்.

இதில் கவனம் வேண்டும். கஞ்சிக்கோடு சின்ன உலகம். அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பும் பஸ் கொழிஞ்சாம்பாறையைத் தொடும் முன்பே சொசைட்டிச் செயலாளருக்குத் தொலைபேசி போயிருந்தது. அவரும் 360 ரூபாய்க் கதையைத்தான் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.